மூன்று வகை டீசல், ஒரு தாங்கி, 350 பிபிஎம் வரம்பு: குறைந்த செலவில் கலப்பது எப்படி?

சுன்னாகம்_யார்ட்

வணக்கம். சுன்னாகத்தில் எங்கள் லொறிகளுக்கு யார்டிலேயே சொந்தத் தாங்கி இருக்கிறது. மாதத்துக்கு 10,000 லீற்றர் அளவில் போகும். எல்லாம் யூரோ 3 எஞ்சின்கள். கந்தகம் 350 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது, போனால் எஞ்சின் ஒயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்ற வேண்டும் என்று கைநூலில் இருக்கிறது.

எனக்குக் கிடைக்கும் சரக்கு மூன்று. கையிலுள்ள சோதனைத் தாள்களின்படி ஓட்டோ டீசலில் கந்தகம் 480 பிபிஎம், சீற்றேன் எண் 49. சுப்பர் டீசலில் 40, சீற்றேன் 52. சாவகச்சேரிப் பக்கம் ஒருவர் பழைய தேங்காயெண்ணெயில் பயோடீசல் செய்கிறார். அதில் 10, சீற்றேன் 60. கணக்குக்கு விலையை லீற்றருக்கு 280, 320, 260 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலவையில் கந்தகம் 350க்குள், சீற்றேன் 50க்கு மேல், பயோடீசல் நூற்றுக்கு 7க்குள் இருக்க வேண்டும். இதுவரை மூன்று பங்கு ஓட்டோ, ஒரு பங்கு சுப்பர் என்று கண்மதிப்பில்தான் ஊற்றுகிறோம். எது மலிவான கலவை?

கோண்டாவில்_எக்செல்

சின்ன வேலை அண்ணை. எக்செலில் மூன்று லீற்றருக்கும் மூன்று கட்டம் எடுங்கள். இன்னொரு கட்டத்தில் கலவையின் சராசரிக் கந்தகத்தைக் கணியுங்கள், அதாவது மொத்தக் கந்தகத்தை மொத்த லீற்றரால் பிரியுங்கள். எக்செலின் சொல்வர் கருவியில் அந்தக் கட்டம் 350க்குக் கீழே என்று கொடுத்து Simplex LP தெரிந்தால் விடை வந்துவிடும்.

இன்னொன்று. உங்கள் மூன்றுக்கு ஒன்று கலவையில் கந்தகம் 370 வருகிறது. வரம்புக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

சுன்னாகம்_யார்ட்

370 என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி தம்பி. சொல்வரில் நீங்கள் சொன்னபடியே போட்டேன். முதலில் `#DIV/0!` என்று வந்தது. கட்டங்களில் ஏதோ எண்களைப் போட்டு மறுபடி ஓட்டினால் `The linearity conditions required by this LP Solver are not satisfied` என்று நின்றுவிட்டது.

எண்ணெய்க்கணக்கு

சப்புகஸ்கந்தையில் கலவைத் திட்டமிடலில் நெடுநாள் இருந்தவன். இந்த வகைக் கணக்கு எண்ணெய்த் தொழிலில் மிகப் பழையது. 1952இல் சார்ன்ஸ், கூப்பர், மெலன் மூவரும் விமானப் பெற்றோல் கலவைக்கு நேரியல் திட்டமிடலைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார்கள். அவர்களுக்கும் தரம் என்பது விகிதமாகத்தான் வந்தது.

கோண்டாவில் தம்பி சொன்ன கணக்கு சரிதான், ஆனால் எழுதிய உருவம் சொல்வருக்கு ஒத்துவராது. தெரியாத எண்களை மேலே வைத்து அவற்றின் கூட்டுத்தொகையால் பிரித்தால் அது நேரியல் இல்லை. எல்லாம் பூச்சியத்தில் தொடங்கினால் பிரிக்கவே முடியாது. உங்களுக்கு முதலில் வந்த செய்தி அதுதான். செய்ய வேண்டியது, கீழே உள்ள மொத்த லீற்றரை வரம்பின் பக்கம் தூக்கிப் பெருக்குவது.

480 ஓட்டோ + 40 சுப்பர் + 10 பயோ என்பது மொத்த லீற்றரின் 350 மடங்குக்கு மிகக் கூடாது. மொத்தம் என்பதும் இதே மூன்றின் கூட்டுத்தான். இடப்பக்கம் கொண்டுவந்து கழித்தால் ஓட்டோவுக்கு 480 − 350 = 130, சுப்பருக்கு 40 − 350 = −310, பயோவுக்கு 10 − 350 = −340 என்று நிற்கும்.

இதைப் பற்றுவரவாகப் படியுங்கள். ஒவ்வொரு லீற்றர் ஓட்டோவும் 130 கடன் வைக்கிறது, சுப்பர் 310 அடைக்கிறது, பயோ 340 அடைக்கிறது. முடிவில் கடன் மிஞ்சக் கூடாது. சீற்றேனுக்கும் பயோ வரம்புக்கும் இதே முறைதான். நான் எக்செல் பாவிப்பதில்லை, glpsol என்ற கணக்கு நிரலுக்கு இப்படி எழுதுவேன். A ஓட்டோ, S சுப்பர், B பயோ:

```
Minimize
 cost: 280 A + 320 S + 260 B
Subject To
 total: A + S + B = 10000
 sulphur: 130 A - 310 S - 340 B <= 0
 cetane: - A + 2 S + 10 B >= 0
 bio: - 0.07 A - 0.07 S + 0.93 B <= 0
End
```

`glpsol --lp kalavai.lp -o vidai.txt` என்று ஓட்டினால் விடை: ஓட்டோ 7093, சுப்பர் 2207, பயோ 700 லீற்றர். செலவு 28,74,273 ரூபா. கந்தகம் சரியாக 350இல் முட்டி நிற்கிறது, பயோவும் 7இல் முட்டுகிறது. சீற்றேன் 50.4; அது இந்த விடையை இழுக்கவே இல்லை.

திருநெல்வேலி_மாணவி

ஐயா, ஒரு சந்தேகம். சமனிலியைத் தெரியாத எண்ணால் பெருக்கினால் குறி திரும்பக்கூடும் என்றுதானே படித்தோம். இங்கே எப்படித் தயங்காமல் பெருக்கினீர்கள்?

பிறகு `total` வரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மூன்றுமே பூச்சியம், செலவும் பூச்சியம், ஆனாலும் உகந்த விடை என்கிறது.

எண்ணெய்க்கணக்கு

மகள், லீற்றர்கள் எதிராகப் போக முடியாது, ஆகவே மொத்தம் நேர் எண். குறி திரும்ப வழியில்லை. எதிர் எண் வரக்கூடிய ஒன்று கீழே இருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

பூச்சிய விடைக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. பெருக்கி எழுதிய மூன்று வரிகளுக்கும் வலப்பக்கம் 0. ஒன்றுமே கலக்காவிட்டால் மூன்றும் தானாக நிறைவேறிவிடும். விகித வரிகள் கலவையின் குணத்தைத்தான் பேசும், அளவைப் பேசாது. அளவைச் சொல்ல ஒரு வரி தனியாக வேண்டும். செலவு பூச்சியம் என்று வந்தால் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

குருநகர்_போட்

இவ்வளவு கணக்கு எதற்கு என்று விளங்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணம் முழுக்க மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஏ40 காரையே பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். என்னுடைய போட் எஞ்சின் இன்றைக்கும் மண்ணெண்ணெய்தான். டீசலோடு மண்ணெண்ணெய் கலந்தால் விலையும் குறையும், கந்தகமும் குறையும். அதை நாலாவது சரக்காகப் போடலாமே?

எண்ணெய்க்கணக்கு

அண்ணை, அந்தக் காலத்தில் ஓடியது பொறி வைத்துப் பற்றவைக்கும் பெற்றோல் எஞ்சின். உங்கள் போட்டில் இருப்பதும் மண்ணெண்ணெய்க்கென்றே அமைந்தது. இவருடைய லொறியில் உயர் அழுத்த டீசல் பம்புக்கு உராய்வுநீக்கியே அந்த டீசல்தான். மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் குறைக்கும், பம்பு தேயும். சட்டத்தின் கண்ணில் கலப்படம் என்பதும் இருக்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் கணக்குச் சம்பந்தமான ஒரு விசயம் இருக்கிறது. தீப்பற்றும் வெப்பநிலை கந்தகத்தைப் போலச் சராசரியாகாது. இஎன் 590 தரம் டீசலுக்கு 55 பாகைக்கு மேல் கேட்கிறது; மண்ணெண்ணெய் 38 வரையும் இறங்கலாம். கொஞ்சம் கலந்தாலே கலவையின் தீப்பற்று நிலை சராசரி சொல்வதைவிடக் கீழே விழும், ஏனென்றால் முதலில் ஆவியாவது அந்த இலேசான பகுதிதான். பிசுபிசுப்பும் அப்படித்தான், நேராகச் சராசரி எடுத்தால் பிழைக்கும். அப்படிப்பட்ட குணத்தை முதலில் ஒரு கலவைச் சுட்டெண்ணாக மாற்றி, அந்தச் சுட்டெண்ணைத்தான் விகித வரியில் போடுவோம். கந்தகத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அது போட்டால் போட்ட அளவு இருக்கும். சீற்றேன் கிட்டத்தட்ட நேராகக் கலக்கும்.

குருநகர்_போட்

சரி, பம்பு விசயம் விளங்குது. என்றாலும் மண்ணெண்ணெய் விட்டு ஓடும் பழைய லொறிகள் எனக்குத் தெரியும்.

கோண்டாவில்_எக்செல்

ஐயா, ஒரு பெரிய பிழை இருக்கிறது. பிபிஎம் என்பது நிறைக் கணக்கு, கிலோவுக்கு மில்லிகிராம். நீங்கள் லீற்றரில் பெருக்கியிருக்கிறீர்கள். அடர்த்தி போடாமல் வந்த விடையை நம்பி ஊற்றக் கூடாது.

எண்ணெய்க்கணக்கு

சொன்னது உண்மை, அடர்த்தியைப் போடத்தான் வேண்டும். ஓட்டோ 0.840, சுப்பர் 0.830, பயோ 0.875 என்று வைத்து ஒவ்வொரு எண்ணையும் அதன் அடர்த்தியால் பெருக்கினால் கந்தக வரி இப்படி மாறும்:

```
 sulphur: 109.2 A - 257.3 S - 297.5 B <= 0
```

மறுபடி ஓட்டினால் சுப்பர் 2203 லீற்றர். முன்பு 2207. நாலு லீற்றர் வித்தியாசம், அதுவும் குறைகிறது. ஆகவே பெரிய பிழை என்பதை ஏற்க மாட்டேன். ஆனால் ஏன் இவ்வளவு சிறியது என்று பாருங்கள். சுப்பர் ஓட்டோவைவிட இலேசு, அதனால் அதன் ஒரு லீற்றர் அடைக்கும் கடன் நாம் நினைத்ததைவிடக் குறைவு. பயோ பாரம் கூடியது, அது நினைத்ததைவிடக் கூட அடைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பயோ இல்லாத மாதத்தில் இந்தச் சமாளிப்பு கிடைக்காது: சீற்றேனை விட்டுக் கந்தகத்துக்கு மட்டும் பார்த்தாலே லீற்றர் கணக்கில் சுப்பர் 2955 வேண்டும், நிறைக் கணக்கில் 2980. அந்த 25 லீற்றரை விட்டுவிட்டால் கலவை கந்தக வரம்பைத் தாண்டும்.

பயோவுக்கான 7 வரம்பு கனவளவில் சொல்லப்படுவது. அதற்கு அடர்த்தி போடாதீர்கள். ஒவ்வொரு தர எல்லையும் எந்த அலகில் பேசுகிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். கீழே வாசிக்க இலகுவாக இருக்க லீற்றர் கணக்கையே தொடர்கிறேன்.

தென்மராட்சி_பயோ

நான் சாவகச்சேரிப் பக்கம் பயோடீசல் செய்பவன், கேள்வி கேட்டவருக்குக் கொடுக்கும் ஆளாகவும் இருக்கலாம். 260 ரூபாவுக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய எண்ணெயும் விலை, மெதனோலும் விலை. கூட்டினால் வாங்குவார்களா? ஓட்டோ 280 விற்கும்போது அதைவிடக் கூடக் கேட்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

எண்ணெய்க்கணக்கு

உங்கள் சரக்கை ஓட்டோவோடு ஒப்பிட்டு விலை பேசாதீர்கள். இந்தக் கலவையில் அது ஓட்டோவின் இடத்தைப் பிடிக்கவில்லை. ஒரு லீற்றர் பயோ சேர்ந்தால் 1.068 லீற்றர் சுப்பர் குறைகிறது, 0.068 லீற்றர் ஓட்டோ கூடுகிறது. சுப்பரில் மிச்சம் 341.82 ரூபா, ஓட்டோவில் மேலதிகம் 19.09. ஆக அந்த லீற்றரின் பெறுமதி 322.73 ரூபா, சுப்பரின் விலையைவிடவும் கூட. ஏனென்றால் அது சுப்பரைவிட அதிகக் கடன் அடைக்கிறது.

அவர் 322 வரை கொடுத்தாலும் நட்டம் இல்லை, அதற்கு மேல் போனால் பயோ, சீற்றேன் 50ஐக் காக்கத் தேவையான 146 லீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். இடையில் எங்கே பேசி முடிப்பது என்பது உங்கள் இருவர் பாடு.

சுன்னாகம்_யார்ட்

இதைப் பொதுவில் எழுதிவிட்டீர்களே ஐயா, இனி அவர் 260க்குத் தர மாட்டார்! பரவாயில்லை. 280 வரை பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு தொகுதிக்கும் நீர் அளவுச் சோதனைத் தாள் வேண்டும். முன்பு ஓர் இடத்தில் வாங்கிய பயோவில் தண்ணீர் நின்று பில்டர் அடைத்தது.

தென்மராட்சி_பயோ

தாள் தருகிறேன். தண்ணீர் இல்லாவிட்டாலும் முதல் தடவைகளில் பில்டர் அடைக்கும் அண்ணை. பயோடீசல் தாங்கியின் பழைய அடிக்கசடைக் கழுவிக் கொண்டுவரும். தொடக்கத்தில் ஒரு மாற்றுப் பில்டரை லொறியிலேயே வைத்திருங்கள். ஊற்றும்போது டீசலை முதலில் விட்டு அதன் மேல் பயோவை ஊற்றுங்கள். பாரமானது கீழே இறங்கும்போதே கலந்துவிடும். மாறி ஊற்றினால் பயோ அடியில் தங்கி, முதலில் நிரப்பும் லொறிக்கு 7க்கு எவ்வளவோ மேல் போகும்.

கோண்டாவில்_எக்செல்

ஐயாவின் வரியை எக்செலில் போட்டுச் சரியான விடை எடுத்தேன். உணர்திறன் அறிக்கையில் கந்தக வரிக்கு நிழல் விலை −0.0909 என்று நிற்கிறது. அப்படியென்றால் வரம்பை ஒரு பிபிஎம் தளர்த்தினால் 9 சதம்தானே மிச்சம்? கந்தகம் பெரிய செலவே இல்லை. வரம்பை 300க்கு இறக்கி நிம்மதியாக இருக்கலாம்.

திருநெல்வேலி_மாணவி

அது 9 சதம் இல்லை என்று நினைக்கிறேன். நிழல் விலை, வலப்பக்கத்து 0ஐ 1 ஆக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறது. ஆனால் பெருக்கி எழுதிய பிறகு வலப்பக்கத்தின் அலகு பிபிஎம் இல்லை, பிபிஎம் தடவை லீற்றர். வரம்பை ஒரு பிபிஎம் மாற்றினால் 10,000 லீற்றரிலும் மாறும். ஆக 0.0909 × 10,000 = 909 ரூபா.

351 என்று போட்டு ஓட்டியும் பார்த்தேன். சுப்பர் 2184 ஆனது, செலவு 909 ரூபாவே குறைந்தது.

எண்ணெய்க்கணக்கு

அவ்வளவும் சரி. விகித வரியின் நிழல் விலையை மொத்த லீற்றரால் பெருக்காமல் படிப்பவர்களை என் வேலைக்காலத்திலும் நிறையப் பார்த்திருக்கிறேன். 300க்கு இறக்கினால் மாதம் 45,000 ரூபாவுக்கு மேல் போகும்.

ஆனாலும் சரியாக 350இல் நிற்கும் கலவையை நான் ஊற்ற மாட்டேன். 480 என்பது ஒரு தொகுதியின் தாள். அடுத்த பவுசரில் 500 வந்தால் அதே அளவுகளில் கலவை 364 ஆகும். 340க்குத் திட்டமிட்டால் மாதம் 9,091 ரூபா காப்புச் செலவு. ஆனால் 10 பிபிஎம் காப்பு, ஓட்டோவில் 14 பிபிஎம் ஏற்றத்தைத்தான் தாங்கும். எவ்வளவு காப்பு என்பதை உங்கள் பவுசர்த் தாள்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுன்னாகம்_யார்ட்

தாள்களை எடுத்துப் பார்க்கிறேன். இன்னொரு விசயம் சொல்லாமல் விட்டேன். புதிய வான்களும் வாங்கியிருக்கிறோம், அவற்றுக்கு 50 பிபிஎம்தான் எல்லை. தாங்கி ஒன்றுதான். தாங்கியில் ஓரளவு சுத்தமான கலவையை வைத்து, லொறிக்கு ஓட்டோவும் வானுக்குச் சுப்பரும் மேலதிகமாக விட்டால் ஒரே கணக்கில் போடலாமா?

திருநெல்வேலி_மாணவி

அங்கேதான் பெருக்கிப் போடும் உத்தி உடைகிறது என்று நினைக்கிறேன். தாங்கிக் கலவையின் பிபிஎம்மும் தெரியாது, அதிலிருந்து லொறிக்குப் போகும் லீற்றரும் தெரியாது. வரியில் இரண்டும் ஒன்றோடொன்று பெருக்கப்படும்.

எண்ணெய்க்கணக்கு

ஓம். 1978இல் ஹேவர்லி மிகச் சிறிய உதாரணம் ஒன்றைக் காட்டினார், அதுகூடச் சாதாரண முறைகளைச் சுற்றவைத்தது. சொல்வர் விடை தரும், ஆனால் தொடங்கும் எண்களை மாற்றினால் வேறு விடை தரும். கைவழி ஒன்று உண்டு: தாங்கியின் பிபிஎம்மை 100, 150, 200 என்று நீங்களே நிறுத்தி வைத்து ஒவ்வொன்றுக்கும் தனி நேரியல் கணக்காக ஓட்டி, மலிவானதை எடுப்பது.

உங்களுக்கு அதுவும் வேண்டாம். வானுக்கு 50 என்றால் 40 உள்ள சுப்பரில் ஓட்டோ நூற்றுக்கு 2.3 பங்குதான் சேர்க்கலாம். லீற்றருக்கு 90 சதம் மிச்சம். அதற்காகப் புதிய இன்ஜெக்டர்களோடு விளையாட வேண்டாம். வான்களை நேராக நிரப்பு நிலையத்தில் சுப்பர் அடிக்கச் சொல்லுங்கள்.

கோண்டாவில்_எக்செல்

ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை. சுப்பரே வாங்காமல் 9300 ஓட்டோ, 700 பயோ என்று ஊற்றினால் செலவு 27,86,000, சீற்றேன் மட்டும் 49.8 என்று 50க்குச் சற்றுக் கீழே நிற்கும். உகந்த கலவையைவிட 88,000 ரூபா குறைவு. கைநூலே ஒரு மாற்று வழி தருகிறது: ஒயிலைப் பாதித் தூரத்தில் மாற்று. மேலதிக ஒயில் மாற்றம் மாதம் 88,000க்குள் அடங்கினால் கலக்காமல் விடுவதுதான் மலிவு.

எண்ணெய்க்கணக்கு

நல்ல கேள்வி. ஒயிலை மாற்றினால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதே என் எண்ணம். கந்தகத்தால் வரும் அமிலம் ஒயிலை மட்டும் தின்பதில்லை, இஜிஆர் குளிரூட்டி உள்ள எஞ்சினில் அதையும் அரிக்கும். அதற்கு மாதக் கணக்கில் விலை போட எனக்கு வழி தெரியவில்லை.

கோண்டாவில்_எக்செல்

யூரோ 3 லொறிகள் பலவற்றில் அந்தக் குளிரூட்டியே இல்லை ஐயா. முதலில் பொனற்றைத் திறந்து பார்க்கட்டும்.

சுன்னாகம்_யார்ட்

சில லொறிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருப்பவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் ஒயில் மாதிரி எடுத்து அமிலம் தாங்கும் எண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சோதிக்கக் கொடுக்கிறேன். அது வரும்வரை கலவைதான்.

இந்த மாதம் பயோ 500 லீற்றர்தான் தர முடியும் என்று தகவல் வந்திருக்கிறது. `bio` வரியோடு `B <= 500` என்று ஒரு வரி சேர்த்து ஓட்டினேன்: ஓட்டோ 7080, சுப்பர் 2420, பயோ 500, செலவு 28,86,818. காப்பு இன்னும் போடவில்லை. யாராவது ஒருக்கால் சரிபார்த்துச் சொல்லுங்கள், பவுசருக்கு நாளைக்குள் ஓடர் கொடுக்க வேண்டும்.

திருநெல்வேலி_மாணவி

எனக்கும் அதே விடை. 340க்கு ஓட்டினால் சுப்பர் 2648, ஓட்டோ 6852.